சுமையில் மட்டும் சரிந்த அடாப்டர்

நான்கு நாட்களாக என் வீட்டு ரவுட்டர் திடீர் திடீரென்று தானாகவே அணைந்து மீண்டும் இயங்கியது. சூடுதான் காரணம் என்று எண்ணி மின்விசிறியின் முன் வைத்தேன், பயனில்லை. யுபிஎஸ்ஸில் இணைத்தும் மாறாததால், வீட்டு மின்னழுத்தத்தின் மீதான சந்தேகமும் விலகியது. நினைவகம் பழுதாகியிருந்தால் வேலையின்றி இருக்கும்போதும் நின்றிருக்கக்கூடும். இதுவோ வைஃபையில் பெரிய கோப்புகளை இறக்கும்போது மட்டுமே நின்றது.

அடாப்டரைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது 12.1 வோல்ட் காட்டியதை நம்பி, அதை நல்லதென்று ஒதுக்கியதில்தான் இரண்டு நாட்கள் வீணாயின. பிறகு இரண்டாகப் பிரியும் டிசி வயர் ஒன்றை இடையில் செருகி, ரவுட்டர் ஓடும்போதே அளந்தேன்: கோப்பை இறக்கத் தொடங்கியதும் அளவு 10.4 வோல்ட்டுக்குச் சரிந்தது, உடனே விளக்குகள் அணைந்தன. அதே 12 வோல்ட், 2 ஆம்பியர், அதே முனைத்துருவம் கொண்ட புதிய அடாப்டரை மாற்றிய பின், பத்து நாட்களாக ஒருமுறையும் நிற்கவில்லை, பெரிய நிம்மதி.