பழைய பந்து எந்தப் பக்கம் திரும்பும்? வேகப் பந்துவீச்சைத் தொடங்குவோருக்கான செய்முறை

வேலூர் வட்டாரத்துப் புல்லில்லாத, சரளை கலந்த மைதானங்களில் தோல் பந்தின் பளபளப்பு வெகு விரைவில் போய்விடுகிறது. அதனால் ரிவர்ஸ் ஸ்விங் இங்கே எளிதாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த பந்து மட்டும் போதாது, வீசுபவரின் வேகமும் சேர்ந்துதான் திசையை முடிவு செய்கிறது என்பதை இந்தச் செய்முறையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் புதிய பந்து. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலின் இருபுறமும் வைத்து, கட்டைவிரலைக் கீழே தையலின் மேல் தாங்கலாக வையுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு அவுட்ஸ்விங் வேண்டுமென்றால், தையல் முதல் ஸ்லிப்பை நோக்கி ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தையலைத் தாண்டிச் செல்லும் பக்கத்துக் காற்று கலங்கி, பந்தின் மேற்பரப்பை ஒட்டியபடியே சற்றுப் பின்வரை சென்று பிரிகிறது. மறுபக்கத்து வழவழப்பான தோலின் மேல் செல்லும் காற்று கலங்காமல் போய் முன்னதாகவே பிரிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டால் தையல் காட்டும் திசையிலேயே பந்து வளைகிறது. பந்து கையை விட்டபின் தையல் தள்ளாடினால் இவ்வளவு ஏற்பாடும் வீண். ஆகவே தையல் நிமிர்ந்தே செல்கிறதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. முதல் சில ஓவர்களிலேயே இரு பக்கத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கீறல் அதிகமோ அதை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் துணியில் தேயுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை: மேல்பூச்சு போனபின் தோலின் துளைகள் ஈரத்தை உறிஞ்சும். எனவே கரடான பக்கத்தில் வியர்வைக் கை படாமல் காக்க வேண்டும். பந்தை எறியும் ஒவ்வொரு ஃபீல்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பளபளப்புக்கு வியர்வையைப் பயன்படுத்தலாம். எச்சில் கூடாது, 2020-ல் தற்காலிகமாக விதித்த தடையை ஐ.சி.சி. 2022 முதல் நிரந்தரமாக்கிவிட்டது. கரடான பக்கம் ஆட்டத்தின் போக்கில் தானாகவே உருவாக வேண்டும். நகத்தாலோ உப்புத்தாளாலோ உரசுவது பந்தைச் சேதப்படுத்தும் குற்றம்; அதற்கு எதிரணிக்கு 5 ரன் தண்டமாகப் போகும்.

இனி பலரும் குழம்பும் இடத்துக்கு வருவோம். ஒரு 30 ஓவர் ஆட்டத்தின் 24-வது ஓவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெளுத்துக் கரடாகிவிட்டது, மறுபக்கம் இன்னும் மினுங்குகிறது, தையலின் முனைப்பு ஓரளவு அமுங்கிவிட்டது. இப்போது தையலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, பளபளப்பான பக்கம் வலக்கை ஆட்டக்காரரின் லெக் பக்கம் இருக்கும்படி இரண்டு பேர் வீசுகிறார்கள். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வீசுபவரின் பந்து கரடான பக்கம், அதாவது ஸ்லிப் பக்கம் செல்லும்; கரடான தோல் காற்றைக் கலக்கிவிடுகிறது, வழவழப்பான பக்கம் இன்னும் கலங்கவில்லை. 135 கி.மீ.-க்கு மேல் வீசுபவருக்கோ வேகத்தினாலேயே இரு பக்கக் காற்றும் கலங்கிவிடுகிறது. அப்போது கரடான பக்கத்துக் காற்றுப் படலம் தடித்துப்போய் முன்னதாகவே பிரிவதால், பந்து பளபளப்பான பக்கம் திரும்பி ஆட்டக்காரரின் காலை நோக்கி உள்ளே வரும். இதுதான் ரிவர்ஸ். அதே பந்து, அதே பிடி, ஆனால் திசை நேரெதிர். இந்த எல்லை தோலின் நிலையைப் பொறுத்துச் சற்றே முன்பின் நகரும் என்றாலும், 110-ல் வீசும் ஒருவர் ரிவர்ஸ் வருமென்று எண்ணிப் பந்தைத் திருப்பிப் பிடித்தால், அவர் நினைத்ததற்கு மாறாகவே அது போகும்.

உங்கள் வேகத்தை அறிய ஸ்பீடு கன் தேவையில்லை. வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷனில், கைபேசியைப் பிட்ச்சுக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு யார்க்கரைப் பதிவு செய்யுங்கள். இரு பாப்பிங் கிரீஸ்களுக்கும் இடையிலான தூரம் 17.68 மீட்டர். பந்து கையை விடும் படத்திலிருந்து மட்டைக்காரரின் கிரீஸை அடையும் படம் வரை எண்ணுங்கள். 139 படங்கள் ஆனால் 0.58 வினாடி, அதாவது சுமார் 110 கி.மீ.; 113 படங்கள் ஆனால் சுமார் 135 கி.மீ. இது பாதை முழுவதற்குமான சராசரி என்பதால் கையை விடும் கணத்து வேகம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

எண்ணிக்கை 125-க்கு மேலே இருந்தால் ரிவர்ஸை மறந்துவிட்டு, பந்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கரடான பகுதி இருக்கும்படி பிடியுங்கள். 110-க்கும் 135-க்கும் இடைப்பட்ட வேகத்தில் பந்து எப்பக்கமும் போகாமல் நேராகவே செல்வதும் உண்டு. அது உங்கள் மணிக்கட்டின் கோளாறு என்று எண்ணிப் பிடியை மாற்றத் தேவையில்லை. ஆனால் பந்து நனைந்தோ உருக்குலைந்தோ போயிருந்தால், அல்லது கரடான பக்கமும் வியர்வையால் கறுத்துவிட்டிருந்தால், எந்த வேகத்திலும் ஸ்விங்கை எதிர்பார்க்காமல் நீளத்தை மட்டும் கவனித்து வீசுவதே நல்லது.