அதே வகுப்பில் இன்னொரு வருடம்: பெற்றோருக்குக் கடிதம் எழுதும் முறை

மத்திய அரசுப் பள்ளிகளில் 5ஆம் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் வகுப்பாசிரியராக இருப்பவர்கள் மே மாதக் கடைசியில், குழந்தை அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்கும் என்று பெற்றோருக்குச் சொல்லும் கடிதத்தை எழுத வேண்டி வரலாம். இதற்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பழைய மாதிரியில் மதிப்பெண்ணும் "வருந்துகிறோம்" என்ற சொல்லும்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அதைப் படிக்கிற அப்பா அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. நான் இப்போது எழுதுகிற முறையை இங்கே வைக்கிறேன்.

எழுதலாமா என்று முதலில் பாருங்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி 5, 8 ஆகிய இரண்டு வகுப்புகளில் மட்டும்தான் குழந்தையை அதே வகுப்பில் நிறுத்த முடியும், அதுவும் உரிய அரசு அனுமதித்தால். 1 முதல் 4, அப்புறம் 6, 7 வகுப்புகளில் நிறுத்தவே முடியாது. தன் பள்ளிகளுக்கான விதியை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 8 வரை யாரையும் நிறுத்துவதில்லை என்ற முறையைத் தொடர்கிறது. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அந்தச் சட்டத்தில் தனியார் பள்ளிக்கு உரிய அரசு என்பது மாநில அரசுதான், பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. என்பதால் மட்டும் மத்திய விதி உங்களுக்குப் பொருந்திவிடாது.

நாள் கணக்கும் முக்கியம். முடிவு வெளியான நாளிலிருந்து 2 மாதத்துக்குள் கூடுதல் பயிற்சியும் மறுதேர்வும் நடந்திருக்க வேண்டும். மார்ச் 28 முடிவு வந்தால் மே 28க்குள். மறுதேர்வுக்கு முன்னால் போகிற கடிதம் வேறு, அதில் "அதே வகுப்பு" என்ற பேச்சே வரக்கூடாது. நான் இங்கே சொல்வது மறுதேர்விலும் தேர்ச்சி பெறாத பிறகு எழுதும் கடிதம்.

காரணம்: இங்கேதான் நேரம் போகும்

"கவனக்குறைவு", "ஆர்வமின்மை", "வீட்டில் படிப்பதில்லை" ஆகிய மூன்றையும் நான் எழுதுவதில்லை. முதல் இரண்டும் குழந்தையின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு, மூன்றாவது நமக்குத் தெரியாத விஷயம். காரணத்தை விடைத்தாளிலிருந்து எடுக்க வேண்டும்.

5ஆம் வகுப்பு மாணவன் ஒருவன், பெயர் கவின் என்று வைத்துக்கொள்வோம், கணிதத்தில் மட்டும் தேர்ச்சி பெறவில்லை. இரண்டு தேர்வுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவறான விடைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 864 ÷ 4 என்ற கணக்குக்கு 216 என்று சரியாகப் போட்டிருக்கிறான், ஆனால் 624 ÷ 6 என்பதற்கு 104க்குப் பதில் 14. 2ஐ 6ஆல் வகுக்க முடியாத இடத்தில் ஈவில் பூஜ்யம் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை, மற்றபடி வாய்ப்பாடு நன்றாகவே தெரிகிறது. பின்னத்தில் 1/2 + 1/4 = 2/6 என்று மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். வாக்கியக் கணக்குகளில் பெரும்பாலானவற்றை எழுதாமலே விட்டுவிட்டான்.

இந்தக் கடைசி விஷயத்தை அப்படியே கடிதத்தில் ஏற்றிவிடாதீர்கள். அவனைக் கூப்பிட்டு அதே கணக்குகளை வாசித்துக் காட்டுங்கள், முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் தமிழில். தமிழில் சொன்னதும் போட்டுவிடுகிறான் என்றால் அங்கே குறை கணிதத்தில் இல்லை, ஆங்கில வாசிப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாலே போட்டுவிடுகிறான், ஆனால் தானாக வாசிக்கும்போது எந்த மொழியிலும் எழுத்துகள் தடுமாறுகின்றன என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது, கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். அந்தச் சந்தேகம் இருக்கும்போது கடிதத்தை நிறுத்திவைத்து முதல்வரிடம் பேசுங்கள், ஏனென்றால் சலுகை இல்லாமல் எழுதிய மறுதேர்வை வைத்து ஒரு வருடத்தை முடிவு செய்வது நியாயமில்லை.

கவினுக்கு முதல் வகைதான். கடிதத்தில் அது இப்படி வரும்:

> மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, வணக்கம். உங்கள் மகன் கவின் மார்ச் தேர்விலும் மே 20 அன்று நடந்த மறுதேர்விலும் கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை. ஆகவே வரும் கல்வியாண்டிலும் அவன் 5ஆம் வகுப்பிலேயே படிப்பான். கவினுக்கு வாய்ப்பாடும் பெருக்கலும் நன்றாக வருகின்றன. வகுத்தலில் ஈவில் பூஜ்யம் வரும் கணக்குகளும், பின்னங்களைக் கூட்டுவதும் இன்னும் வரவில்லை. வாக்கியக் கணக்குகளைத் தமிழில் சொன்னால் செய்கிறான், ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறான்.

முடிவு இரண்டாவது, மூன்றாவது வாக்கியத்திலேயே இருக்கிறது, பாருங்கள். அரைப் பக்கம் சுற்றி வளைத்து எழுதினால் படிப்பவர் அந்த அரைப் பக்கத்தையும் பயத்தோடு தாண்ட வேண்டும்.

உதவி: கிழமை, நேரம், ஆள்

"சிறப்புக் கவனம் செலுத்தப்படும்" என்பது வாக்குறுதியே இல்லை, யாரும் அதைப் பிடித்துக் கேட்க முடியாது. மேலே எழுதிய ஒவ்வொரு குறைக்கும் நேராக ஒரு உதவி இருக்க வேண்டும்:

> திங்கள், புதன் கடைசிப் பிரிவேளையில் கணித ஆசிரியர் வகுத்தலும் பின்னமும் தனியாகச் சொல்லித் தருவார். வெள்ளிக்கிழமை ஆங்கில ஆசிரியர் கணக்கு வாக்கியங்களை வாசிக்கப் பழக்குவார். ஜூலை கடைசி வாரம் இதே வகையில் 10 கணக்குகள் கொடுத்துப் பார்த்து, உங்களை அழைத்துத் தாளைக் காட்டுவோம்.

அந்த ஆசிரியர்களிடம் முன்பே கேட்டுவிட்டு எழுதுங்கள். நிறுத்தப்பட்ட குழந்தைகளின் பட்டியலை வைத்து அவர்கள் முன்னேற்றத்தை நேரடியாகக் கவனிப்பது பள்ளித் தலைவரின் கடமை என்று 2024 விதியே சொல்கிறது. அதனால் முதல்வரைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் கடிதத்திலேயே போட்டுவிடலாம்.

கொடுக்கும் விதம்

ஒரே ஏ4 பக்கம், யூனிகோட் எழுத்துரு, 13 அல்லது 14 அளவு. தட்டச்சில் யூனிகோட் தவிர வேறெதுவும் வேண்டாம், பழைய எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குழந்தையின் பையில் கண்டிப்பாக வைக்காதீர்கள். போனில் வரச் சொல்லி, நேரில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் கதவைச் சாத்திவிட்டு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

கீழே கையெழுத்து இடத்தில் "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருக்கட்டும். "சம்மதிக்கிறேன்" என்று போட்டால், குழந்தையை நிறுத்தியதே பெற்றோர் விருப்பம் என்று பின்னால் ஆகிவிடும். முடிவு பள்ளியுடையது, அதற்குப் பள்ளிதான் பொறுப்பேற்க வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: பெற்றோர் உடனே டி.சி. கேட்டால் என்ன செய்வது? கொடுக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவது குழந்தையின் உரிமை, டி.சி.யைத் தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது. அதனால் இப்போது கடிதத்தின் கடைசியில் இந்த இரண்டு வரிகளையும் சேர்க்கிறேன்:

> தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் காரணத்துக்காகவும் கவின் பள்ளியிலிருந்து நீக்கப்பட மாட்டான். வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் விண்ணப்பித்த உடனே மாற்றுச் சான்றிதழ் தரப்படும், விடைத்தாள்களின் நகலும் கூடவே தருகிறோம்.

நகல் கொடுப்பது எந்த விதியிலும் இருப்பதற்காக இல்லை. புதுப் பள்ளியில் அவனுக்குக் கணக்கு எடுப்பவர் 624 ÷ 6ஐப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று அன்றைக்கே தெரிந்துகொள்வார்.