தர அடக்கவிலை: 480 நிமிடமா, 420 நிமிடமா?

ஒரு பொருளைச் செய்ய இவ்வளவுதான் ஆக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் செலவுதான் தர அடக்கவிலை. வியாசர்பாடியில் தகட்டை அழுத்தி பிராக்கெட் செய்யும் ஒரு பிரஸ் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிராக்கெட்டுக்கு 2 நிமிடம், ஷிஃப்டுக்கு 480 நிமிடம், கூலி 840 ரூபாய். ஒரு நொடியும் வீணாகாது என்றால் 240 பிராக்கெட், ஒன்றுக்குக் கூலி 3.50 ரூபாய். இது இலட்சியத் தரம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும்.

பிரஸ்ஸின் டை அச்சை மாற்ற, எண்ணெய் போட, தேநீர் குடிக்க 60 நிமிடத்தைக் கழியுங்கள். மீதி 420 நிமிடத்தில் 210 பிராக்கெட், கூலி 4 ரூபாய். இது எட்டக்கூடிய தரம். இன்று 204தான் வந்தது என்றால், விசாரிக்க வேண்டியது அந்த 6 மட்டுமே. இலட்சியத் தரமோ 36 குறைவு என்று காட்டும். தினமும் இப்படியே வந்தால் அறிக்கையை யாரும் திறக்க மாட்டார்கள்.

அந்த 60 நிமிடத்தைக் கணக்காளர் தனியாக ஊகிக்கக் கூடாது. மேற்பார்வையாளரையும் டை மாற்றுபவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் கூட்டிச் சொல்லலாம் என்பதால், சில ஷிஃப்டுகள் கடிகாரத்தோடு நின்று சரிபாருங்கள். கூலியைப் போலவே தகட்டு விலைக்கும் தரம் வேண்டும்; அதைக் கொள்முதல் செய்பவர் சொல்லட்டும்.