37 சதவீதம்னு சொன்னது யார்?

ஊட்டியில் பி.ஏ. படிக்கும் என் அக்கா மகள் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "மேற்குத் தொடர்ச்சி மலையில் 37 சதவீதத்தைக் காக்கச் சொன்னது காட்கில் குழு." எடுத்தது ஒரு சுற்றுலா இணையதளத்திலிருந்து. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூல அறிக்கைகளுக்கே போனோம். 2011-இல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த காட்கில் குழு மலைத்தொடர் முழுவதையும் சூழல் கூருணர்வுப் பகுதி என்று சொல்லி, மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. 37 சதவீதம் 2013-இல் வந்த கஸ்தூரிரங்கன் குழுவின் கணக்கு. அந்தத் தளம் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது!

இத்தகைய அரசு அறிக்கைகள் ஆய்விதழ்க் கட்டுரை போல சக ஆய்வாளர் சரிபார்ப்புக்குப் போவதில்லை. ஆனாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். குழுவை யார் அமைத்தது, உறுப்பினர்கள் யார், எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பார்த்துவிட்டு, "குழு பரிந்துரைத்தது" என்று எழுதுங்கள். "நிரூபித்தது" வேண்டாம்.

எடுப்பது ப்ரீபிரிண்ட், அதாவது சக ஆய்வாளர் சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படும் ஆய்வுக் கட்டுரை என்றால், தலைப்புக்குக் கீழே பாருங்கள். உயிரியல் ப்ரீபிரிண்டுகளுக்கான bioRxiv தளத்தில், ஆய்விதழில் வெளிவந்த கட்டுரைக்கு "Now published in" என்று இணைப்பு இருக்கும். அந்த இதழ் வடிவத்தையே மேற்கோள் காட்டுங்கள், இடையில் எண்கள் மாறியிருக்கலாம். இணைப்பு இல்லையென்றால் பதிப்பு எண்ணோடு, ப்ரீபிரிண்ட் என்று சொல்லியே எழுதுங்கள்.