வெண்டைக்காய் கொழகொழக்காமல் வதங்க: மும்பை மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பிடித்துவிட்டால் மாட்டுங்காவில் வாங்கினாலும் செம்பூரில் வாங்கினாலும் வெண்டைக்காய் ஈரத்தோடுதான் வீட்டுக்கு வந்து சேரும். காய் வாடாமல் இருக்க பாஜிவாலா தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். வழியில் சாரல் படும். பிளாஸ்டிக் பைக்குள் அந்த ஈரம் அப்படியே தங்கிவிடும். அதை அவசரமாகக் கழுவி, நறுக்கி, எண்ணெயில் போட்டால் பொரியலுக்குப் பதில் நூல் நூலாக இழுக்கும் ஒரு கூழ்தான் கிடைக்கிறது. உடனே, காய் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நுனியைக் கிள்ளினால் 'டக்' என்று ஒடியும் இளசான காயிலும் கொழகொழப்பு உண்டு. அது வெளியே வந்து பெருகுவதற்கு நாம் என்னென்ன வழி திறந்துவிடுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெண்டைக்காயின் சதையில் ஒருவகைப் பசை இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு, கொஞ்சம் புரதமும் சேர்ந்தது அது. காய் முழுசாக இருக்கும் வரை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கத்தி பட்டதும் வெட்டிய இடத்தில் கசியும். அதோடு தண்ணீர் சேர்ந்தால் அந்தச் சங்கிலிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, கரண்டியைத் தூக்கும்போது நூலாக இழுபடும். தண்ணீர் சேராமல் நல்ல சூட்டில் வதங்கினால் அந்தப் பசையில் இருக்கும் ஈரமும் வற்றி, துண்டின் மேலேயே காய்ந்துவிடும். கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் தண்ணீரை உள்ளே விடுபவைதான்.

முதல் தவறு, நறுக்கிய பிறகு கழுவுவது. இந்த ஊரில் இது சோம்பலால் நடப்பதில்லை, நேரமின்மையால் நடக்கிறது. மாலையில் வீடு திரும்பும் லோக்கலில், பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் பையை விரித்துக் காய் நறுக்கிக்கொண்டே வருபவர்கள் உண்டு. அவரைக்காய்க்கும் கோஸுக்கும் அது அருமையான ஏற்பாடு, வீட்டுக்கு வந்து அலசிக்கொண்டால் போதும். வெண்டைக்காயை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. வெட்டிய வெண்டைக்காயை அலசினால் ஒவ்வொரு துண்டின் உள்ளறையிலும் தண்ணீர் புகுந்து நிற்கும். வடிகட்டியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது முழுசாகப் போகாது. ரயிலில்தான் நறுக்க முடியும் என்றால் முதல் நாள் இரவே வாங்கிக் கழுவித் துடைத்து, காலையில் ஒரு பருத்திப் பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. நறுக்கியதை மூடிய டப்பாவில் அடைக்காமல் அதே துணிப்பையில் கொண்டுவரலாம்.

கழுவும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டுக் கழுவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிள்ளிய துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். கடையில் இளசா என்று பார்க்க ஒடித்த காய்களிலும் இதே சிக்கல்தான். அவற்றைத் தனியாக எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் காம்போடும் நுனியோடும் முழுசாகக் கழுவ வேண்டும்.

அடுத்தது உலர்த்துவது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மும்பை மழைக்காலத்தில் 'தட்டில் பரப்பி வைத்தால் காய்ந்துவிடும்' என்ற கணக்கு செல்லாது. பால்கனியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் நசநசக்கும் காற்றில் காய் மட்டும் எப்படிக் காயும்? போதாததற்கு வெண்டைக்காயின் தோல் மேல் மெல்லிய சுணை இருக்கிறது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் துடைத்தே ஆக வேண்டும். ஒரு பழைய வேட்டித் துணியிலோ பருத்தித் துண்டிலோ காய்களைக் கொட்டிச் சுருட்டி மெதுவாக உருட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காம்பின் மூடி காயோடு சேரும் விளிம்பைத் துடையுங்கள். ஈரம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். அப்புறம் மின்விசிறிக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்று படாமல், அரை மணி நேரம். இரவு கழுவித் துடைத்து, துணிமேல் பரப்பி, விசிறிக்கடியில் விட்டு, காலையில் நறுக்குவதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு எளிது. இரண்டு காயை ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள். சரசரவென்று உலர்ந்த சத்தம் வந்தால் நறுக்கலாம், வழுக்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நறுக்கும் பலகையும் கத்தியும் காய்ந்திருக்க வேண்டும். தேங்காய் உடைத்த கையோடு, தக்காளி வெட்டிய பலகையிலேயே தொடர்ந்தால் உலர்த்திய பாடெல்லாம் வீண். அன்றைக்கு நறுக்க வேண்டிய காய்களில் வெண்டைக்காயை முதலில் முடித்துவிடுவது இதற்கு நல்ல வழி. நாலைந்து காய்க்கு ஒரு முறை கத்தியில் படியும் பசையைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் ரொம்பச் சன்னமாகவும் வேண்டாம். அரை அங்குலத்துக்குக் குறைந்தால் வெட்டுமுகங்கள் கூடும், கூடும் ஒவ்வொரு முகத்திலும் பசை கசியும். நறுக்கி முடித்ததும் அடுப்புக்குப் போகலாம். நேரம் இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விசிறியில் வைத்தால் வெட்டுமுகம் லேசாகக் காய்ந்து இன்னும் நன்றாக வரும்.

இனி அடுப்பு. அரை கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அங்குல அகலச் சட்டி வேண்டும், துண்டுகள் பெரும்பாலும் ஒரே அடுக்காகப் படுக்க வேண்டும் என்பதே கணக்கு. சின்ன வாணலியில் குவித்தால் கீழே இருப்பது வதங்க, அதன் ஆவி மேலே இருப்பதை வேகவைக்கும். பெரிய சட்டி இல்லையென்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்து, காயைக் கொட்டி, ஒரு முறை புரட்டி, நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் இரண்டு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள்.

நாலைந்து நிமிடத்தில் நூல் கிளம்பும். பலர் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். அடிப்பிடித்துவிடுமோ என்று தண்ணீர் தெளிப்பார்கள், சீக்கிரம் வேகட்டும் என்று மூடி போடுவார்கள், உப்பைப் போட்டு விறுவிறுவென்று கிளறுவார்கள். மூடியில் சேரும் ஆவி தண்ணீராகிச் சட்டிக்குள்ளேயே சொட்டும். உப்பு காயின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கும். ஓயாமல் கிளறினால் துண்டுகள் நசுங்கி, உள்ளே இருக்கும் பசையும் வெளியே வரும். நூல் வருவது இயல்பு. மூடாமல், உப்பில்லாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தோசைத் திருப்பியால் அடியோடு எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தால் அதுவே வற்றிப்போகும்.

இந்தச் சமயத்தில் கொஞ்சம் புளிப்பு கைகொடுக்கும். புளிப்பு சேரும்போது பசையின் நீளச் சங்கிலிகள் விரிந்து நிற்காமல் சுருங்கிக்கொள்கின்றன, அதனால் அதன் இழுவை குறைகிறது. ஆனால் அளவும் நேரமும் முக்கியம். ஆரம்பத்திலேயே சேர்த்தால் காய் மெத்தென்று ஆகத் தாமதமாகும், பச்சை நிறமும் சீக்கிரமே பாசி நிறமாக மங்கிவிடும். கடைசியில் சேர்த்தால் ருசிக்கு மட்டும்தான் உதவும். பாதி வதங்கி நூல் கிளம்பியிருக்கும் ஏழாம் எட்டாம் நிமிடம் பொருத்தமானது. அரை கிலோவுக்குக் கெட்டியான புளிக்கரைசல் இரண்டு தேக்கரண்டி போதும். நீர்த்த புளித்தண்ணீர் அரைக் கிண்ணம் ஊற்றினால் புளிப்பு செய்யும் நல்லதைத் தண்ணீர் கெடுத்துவிடும். மும்பையில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கொங்கண் பக்கத்துக் கோகம் தோல் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மராத்தி வீடுகளில் வெண்டைக்காய் வதக்கும்போது இரண்டு மூன்று தோலை அப்படியே போட்டுவிடுவார்கள். ஊறவைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், கூடுதல் ஈரமும் இல்லை. பொரியலுக்குப் புளியைவிட இதையே நான் விரும்புகிறேன். பரிமாறும்போது தோலை எடுத்துவிடலாம். ஆம்சூர் பொடியானால் அரைத் தேக்கரண்டி. எலுமிச்சையானால் அரை மூடி.

புளிப்பு சேர்க்கும் நாளில் இரும்புச் சட்டி வேண்டாம். இரும்பில் வெண்டைக்காய் தானாகவே கறுக்கும், புளிப்பும் சேர்ந்தால் நிறம் இன்னும் இருண்டு, இரும்பு வாடையும் ஏறிவிடும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் துண்டுகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கும். ஓரங்களில் பழுப்பு தட்டும். திருப்பியைத் தூக்கினால் நூல் வராது. இப்போது உப்பு, கூடவே மிளகாய்ப்பொடியோ சாம்பார்ப்பொடியோ. இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த்துருவல். வெங்காயம் சேர்ப்பதானால் தனியாக வதக்கி இப்போது கலக்கலாம், காயோடு சேர்த்து வதக்கினால் அதன் தண்ணீரும் உள்ளே இறங்கும். குழம்புக்குப் போடும் வெண்டைக்காயையும் இதே போல நூல் போகும் வரை வதக்கி எடுத்து, குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் மீறிக் கொழகொழத்துவிட்டால் அகலமான தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, காயைப் பரப்பி, நல்ல தீயில் கிளறாமல் விட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி வறுத்த கடலைமாவைத் தூவினால் மிச்ச ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் வெந்து குழைந்துபோன காய்க்கு இதுவும் பலிக்காது. அதை மோர்க்குழம்பில் சேர்த்துவிடலாம்.

டப்பா கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குச் சுடச்சுட அடைத்து மூடினால், மதியம் அலுவலகத்தில் திறக்கும்போது மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், கீழே பொரியல் மறுபடியும் பிசுபிசுத்திருக்கும். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு தட்டில் பரப்பி, பத்து நிமிடம் விசிறியில் ஆறவிட்டு, பிறகு கட்டுங்கள்.