பிளே ஸ்டோரில் தமிழ்ப் பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பாளையங்கோட்டையில் இரண்டு தம்பிகள் தங்கள் செயலியின் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினார்கள். தலைப்பைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, நான் செய்த அதே தவறு. எழுத்துப்பிழையை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள், அதை விடுகிறேன்.

அகராதிச் சொல்லைத் தலைப்பாக்குவது

பலசரக்குக் கடைகளுக்காக நான் செய்த செயலிக்கு ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்து, 'சில்லறை வணிகக் கடன் மேலாண்மை' என்று வைத்தேன். இலக்கணப்படி சரிதான். ஆனால் தேடலில் யாரும் வரவில்லை. டவுண் ரதவீதியில் ஒரு கடைக்கார அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்து, "அண்ணாச்சி, இப்படி ஒண்ணு வேணும்னா என்னன்னு தேடுவீய?" என்று கேட்டேன். யோசிக்காமல் 'கடன் நோட்டு' என்று தட்டினார். பக்கத்துக் கடையில் 'பாக்கி கணக்கு'. 'மேலாண்மை' என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

பிளே ஸ்டோரில் தேடுசொற்களுக்கென்று தனிக்கட்டம் கிடையாது. தலைப்பு, சிறுவிளக்கம், முழுவிளக்கம் மூன்றிலும் உள்ள சொற்களை வைத்துத்தான் தேடல் நடக்கிறது. தலைப்புக்கு 30 குறிகள்தான். தமிழில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அங்கே 5. என் பழைய தலைப்பு 28 குறிகளைத் தின்றுவிட்டது, யாரும் தட்டாத சொற்களுக்காக! 'கடன் நோட்டு: பாக்கி கணக்கு' என்பது 26. கேட்ட இரண்டு சொல்லும் அதில் அடங்கின. 'பாக்கிக் கணக்கு' என்று ஒற்று போடாததும் வேண்டுமென்றேதான். தட்டுகிறவர்கள் ஒற்றுப் போடுவதில்லை.

'kadan note' என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக முழுவிளக்கத்தில் ஒரு வாக்கியத்துக்குள் இயல்பாக ஒருமுறை சேருங்கள். சொற்களை வரிசையாக அடுக்கினால் கூகுள் விதிமீறலாக எடுத்துக்கொள்ளும்.

எழுதும் முன்னால் ஐந்தாறு கடைக்காரர்களைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது, அதுதான் முக்கியம். மாற்றிய பிறகு சில வாரம் பொறுத்து, பிளே கன்சோலில் எந்தச் சொல்லால் ஆட்கள் வந்தார்கள் என்று பாருங்கள். அதே நாளில் படங்களையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

உடைந்த எழுத்து

பக்கத்தில் வைக்கும் படங்களில் தமிழ் எழுதும்போது, பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் World-Ready Layout தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி விழும். படத்தை ஏற்றுமுன் போனில் பெரிதாக்கிப் படியுங்கள்.

படத்தின் மேலே தமிழ், திரைக்குள் ஆங்கிலம்

வேண்டாம். நிறுவியவர் ஏமாந்து அன்றைக்கே நீக்கிவிடுவார். செயலியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் படம் எடுங்கள். உள்ளே 'John, $20' இருக்கக் கூடாது. 'கீழத்தெரு முருகன், ₹340' இருக்கட்டும்.

ஆங்கிலப் பக்கத்தை மறப்பது

இங்கே பலர் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பக்கம் தெரியாது, ஆங்கிலப் பக்கம்தான் வரும். அதனால் அங்கேயும் தமிழ்த்திரை ஒன்றை இரண்டாவது படமாக வையுங்கள்.