அம்மம்மாவின் பாதப் புண்: மருந்து கட்டப் பழகிய கதை

வெள்ளவத்தை வீட்டின் வெள்ளைத் தரையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. சாமி அறைக் குங்குமம் சிந்திவிட்டதென்று நினைத்துத்தான் துடைக்கப் போனேன். அந்தப் பொட்டுகள் அம்மம்மாவின் வலது காலில் போய் முடிந்தன. பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது பாரம் முழுவதும் விழுகிற அந்தத் தடித்த சதையில், காய்ப்புக்கு நடுவே ஒரு குழி.

"எனக்கு நோகேல்லையே பிள்ளை. நோகாத புண் என்ன புண்?" என்றார்.

நோகாததுதான் வில்லங்கம். இருபது வருசச் சீனி வருத்தம் பாத நரம்புகளை மரக்க வைத்துவிட்டது. நமக்கு ஓரிடம் நொந்தால் நம்மை அறியாமலே காலை மாற்றி வைப்போம். அம்மம்மா அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் காய்ப்பு வந்தது. அந்தக் காய்ப்பே உள்ளே கல் மாதிரி அழுத்த, அதற்கு அடியில் சதை சிதைந்துவிட்டது.

வீட்டில் தொடங்குவதற்கு முன்

இதை வாசித்துவிட்டு நேராகக் கட்டத் தொடங்க வேண்டாம். கிளினிக்கில் முதலில் பாதத்தின் நாடித் துடிப்பைப் பார்த்தார்கள். இரத்த ஓட்டம் குறைவென்றால் என்ன கட்டினாலும் ஆறாது. பிறகு மெல்லிய உலோகக் கம்பியால் குழியின் ஆழத்தைத் தொட்டு, எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்த்தார்கள். சுற்றியிருந்த காய்ப்பைச் சீவி எடுத்ததும் அவர்கள்தான். அதை வீட்டில் பிளேடால் செய்யவே கூடாது. எங்களுக்கு இரண்டும் நல்லபடியாக இருந்ததால், நாளுக்கு ஒரு தடவை வீட்டில் கட்டச் சொன்னார்கள்.

கட்டும் முறை

சேலைன் போத்தல், சுத்தமான கோஸ் துணி, கிளினிக்கில் தந்த மேல்கட்டு, பிளாஸ்டர். இவ்வளவுதான் சாமான். பஞ்சு வேண்டாம், அதன் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். சேலைனைச் சின்னப் போத்தலாக வாங்குங்கள். திறந்தால் அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது.

சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, காலை முக்காலியில் துவாய் விரித்து வைப்பேன். பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காமல், சேலைனை ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் தானாகக் கழன்று வரும். கழற்றிய துணியை உடனே எறிந்துவிடாதீர்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், மணக்கிறதா என்று பாருங்கள். நேற்றைவிட மாற்றம் தெரிந்தால் அது சேதி.

பிறகு சேலைன் ஊற்றிக் கழுவி, கோஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்பிரிட், மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம் (மஞ்சளுக்காக எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போரே நடந்தது). காலைத் தண்ணீரில் ஊற வைப்பதும் தவறு, சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப் பிய்ந்துவிடும். விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, மேல்கட்டை வைத்து, பிளாஸ்டரை இரு பக்கமும் ஒட்டினால் சரி. விரலையோ பாதத்தையோ சுற்றி வளைத்து இறுக்கிவிடாதீர்கள்.

இதில் நான் விட்ட பிழை ஒன்று. மெத்தென்று இருக்கட்டும் என்று கோஸ் துணியை நாலைந்து மடிப்பாக வைத்தேன். கிளினிக் மிஸ் பார்த்துவிட்டு, "சப்பாத்துக்குள்ள கல்லை வச்ச மாதிரித்தான் இது" என்றார். தடித்த கட்டே புண்ணை அழுத்துமாம்.

அடிமட்டமும் கலண்டரும்

சனிக்கிழமைதோறும் புண்ணின் ஆகக் கூடிய நீளத்தையும் அதற்குக் குறுக்கே அகலத்தையும் மில்லிமீற்றரில் அளந்து கலண்டரில் எழுதினோம். அடிமட்டம் புண்ணைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து ஒரு படமும் எடுத்து வைப்போம். முதல் சனி 18க்கு 14. பெருக்கினால் 252. இரண்டு வாரம் ஒழுங்காகக் கட்டிய பிறகு 18க்கு 15, அதாவது 270. கூடியிருந்தது!

சீனி அளவு பரவாயில்லை. சிவப்போ சீழோ இல்லை. என் கட்டில்தான் பிழை என்று நினைத்தேன். அன்று கழற்றிய கட்டைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் கறுத்து ஊத்தையாக இருந்தது. கிளினிக்கில் தந்த சப்பாத்தோ புதுசு மாதிரிப் பளிச்சென்று கிடந்தது.

விசயம் பிடிபட்டுவிட்டது. முழங்கால்வரை மாக்கட்டுப் போல் போட்டுப் பாரத்தைப் பிரிப்பதுதான் இந்தப் புண்ணுக்கு முதல் வழியாம். 74 வயதில் விழுந்துவிடுவார் என்று, புண் வரும் இடத்தில் பள்ளம் விட்டுத் தடித்த ஃபெல்ட் ஒட்டிய சப்பாத்தைத் தந்திருந்தார்கள். வெளியே போகும்போது மட்டும் அம்மம்மா அதைப் போட்டார். அவர் வெளியே போவதே கிழமைக்கு ஒரு தரம். விடிய ஐந்து மணிக்குச் சாமி அறை, பிறகு குசினி, எல்லாம் வெறுங்காலோடு.

"சப்பாத்தோட சாமி அறைக்குப் போகச் சொல்றியோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிலை அவரே கண்டுபிடித்தார். அதே மாதிரி இரண்டாவது சோடி ஒன்றை வாங்கி, வாசலைத் தாண்டாத வீட்டுச் சப்பாத்தென்று ஒதுக்கினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் அதை உள்ளே எடுத்தார். மஞ்சள் போருக்கும் அதோடு சமாதானம். சாமி அறை வாசலில் ஒரு கதிரை, அதிலிருந்தே பூப் போடலாம். குசினியில் இன்னொன்று, மரக்கறி வெட்ட. கட்டிலடியில் சப்பாத்து, இரவில் சிறுநீர் கழிக்கப் போகும் பத்தடிக்கும் அது வேண்டும்.

கட்டும் முறையில் ஒன்றையும் மாற்றவில்லை. நான்கு வாரம் கழித்து 11க்கு 9. 99. நான்கு வாரத்தில் பரப்புப் பாதியாகக் குறையாவிட்டால் திரும்ப வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். எங்களுடையது பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

கட்டிக்கொண்டிருக்காமல் ஓட வேண்டிய நேரம்

புண்ணைச் சுற்றிச் சிவப்புத் தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனையால் கோடு போட்டுக் குறியுங்கள். சிவப்புக் கோட்டைத் தாண்டினால், அல்லது புண் விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றருக்கு மேல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. புதிதாக வீக்கம், சீழ், கெட்ட மணம், கறுத்த தோல், காய்ச்சல், காரணமில்லாமல் சீனி ஏறுவது என்றாலும் அப்படியே. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். புண் உள்ள கால் மட்டும் சுட்டால் அதுவும் கணக்கு. நோகவில்லை என்பதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூடிய பிறகு

பதினோராம் வாரம் தோல் மூடியது. ஆனால் ஆறிய பாதப் புண்களில் நூற்றுக்கு நாற்பது அளவில் ஒரு வருசத்துக்குள் திரும்ப வருகிறது. அதனால் பாதத்துக்கு ஏற்ற சப்பாத்து இப்போதும் வீட்டுக்குள் உண்டு. இரவுச் செய்தி முடிந்ததும் அம்மம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன் மேல் நீட்டிப் பார்க்கிறார். போன கிழமை அதே இடத்தில் மெல்லிய காய்ப்பு ஒன்றை எனக்கு முன்னமே கண்டுபிடித்து, கலண்டரில் கிளினிக் நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்.